இறுதி நாட்களில் இருப்பவரிடம் மனதில் உள்ளதைச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளைக்குப் பார்க்கப் போகிறேன். அவர் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நடந்த ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

பெரும்பாலானவர்கள் அடைமொழிகளோடு போகிறார்கள். "நீங்க ரொம்ப நல்லவர்", "உங்களை மாதிரி யாரும் கிடையாது", "எனக்கு அப்பா மாதிரி இருந்தீங்க." இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யாரைப் பற்றியும் யாரும் சொல்லக்கூடிய வாக்கியங்கள் இவை. படுத்திருப்பவர் அந்த வாரத்தில் இதே வாக்கியங்களைப் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மனதில் ஒன்றும் தங்காது.

சொல்ல வேண்டியதை மூன்று துண்டுகளாக யோசியுங்கள். அவர் செய்தது என்ன? அது அன்று உங்களுக்கு என்ன செய்தது? இன்று அது உங்கள் வாழ்க்கையில் எந்த இடத்தில் இருக்கிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

காரணம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக ஓர் உரையாடல் முறையை உருவாக்கினார். நோயாளி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் விரும்புகிறவர்களிடம் கொடுப்பார்கள். 100 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்த முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. தன்னிடமிருந்து ஏதோ ஒன்று தனக்குப் பிறகும் யாரிடமாவது இருக்கப்போகிறது என்ற எண்ணம் மனிதருக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த முறைக்கே அடிப்படை. நீங்கள் சொல்லும் மூன்றாவது துண்டு அந்த எண்ணத்துக்கு நேரடிச் சாட்சியாகிறது.

இதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? ஓர் உதாரணம் காட்டுங்களேன்.

சிறு வயதில் திக்குவாய் இருந்த ஒருவர், இன்று ஆசிரியர். நோய் முற்றிய தன் அத்தைக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

"அன்புள்ள அத்தைக்கு, தங்களின் உடல்நிலை பற்றி அறிந்து மிகுந்த வேதனையுற்றேன். தாங்கள் எனக்கு மற்றொரு தாயாகத் திகழ்ந்தீர்கள். தங்களின் அன்பும் அரவணைப்பும் என்றும் மறக்க முடியாதவை. தாங்கள் விரைவில் பூரண குணமடைய வேண்டுகிறேன்."

இதில் மூன்று கோளாறுகள். முதலாவது, மொழி. வீட்டில் "நீங்க, வாங்க" என்று பேசிய பிள்ளை "தாங்கள் திகழ்ந்தீர்கள்" என்று எழுதும்போது நம் காதுக்கு அது இரங்கல் செய்தியாகவே கேட்கிறது. நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தூரம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. இரண்டாவது, "திகழ்ந்தீர்கள்" என்ற இறந்தகாலம். உயிரோடு இருப்பவரை அது முடித்துவைக்கிறது. மூன்றாவது, "பூரண குணமடைய." குணமாகாது என்று இருவருக்கும் தெரிந்த நிலையில் இந்த வரி, 'உண்மையை என்னோடு பேச வேண்டாம்' என்று அவரிடம் சொல்லிவிடுகிறது.

இப்போது அதே ஆளின் அடுத்த வரைவு:

"அத்தை, ஒரு விஷயம் உங்ககிட்ட சொன்னதே இல்ல. சின்ன வயசுல எனக்கு வாய் திக்கும்போது எல்லாரும் அந்த வார்த்தையை முடிச்சுக் கொடுத்துடுவாங்க. நீங்க மட்டும் ஒரு தடவைகூட அப்படிச் செஞ்சதில்ல. கையில இருக்கிற வேலையை நிறுத்திட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டு இருப்பீங்க. உங்ககிட்ட பேசும்போது எனக்கு அவசரமே இருந்ததில்ல. அதனாலதான் மத்தவங்ககிட்டயும் பேச தைரியம் வந்துச்சு. இப்ப என் வகுப்புல ஒரு பையனுக்குத் திக்கும். அவன் பேச ஆரம்பிச்சா நான் சாக்பீஸைக் கீழ வச்சிட்டுக் காத்திருக்கேன். அது நீங்க கத்துக்கொடுத்தது அத்தை. அந்தப் பையனுக்கு உங்களைத் தெரியாது, ஆனா உங்களாலதான் அவன் பேசுறான். இதுக்குப் பதில் எதுவும் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரியணும்னுதான் எழுதினேன்."

இதில் "அன்பு" என்ற சொல்லே வரவில்லை. "தாய்" என்ற ஒப்புமையும் இல்லை. படிக்கும் அத்தைக்கு இரண்டுமே கேட்கும். வேலையை நிறுத்துவது, முகத்தைப் பார்ப்பது, சாக்பீஸைக் கீழே வைப்பது என்று கண்ணால் பார்க்கக்கூடிய செயல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கடைசி இரண்டு வரிகளும் தேவையானவை. பதில் சொல்ல வேண்டிய கடன் அவர் தலையில் ஏறாமல் அவை பார்த்துக்கொள்கின்றன.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெயரையும் உறவுமுறையையும் மாற்றிவிட்டு இதே கடிதத்தை வேறு ஒருவருக்கு அனுப்ப முடியுமா? முடியுமென்றால் சம்பவம் இன்னும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம்.

எனக்கு எழுதவே வராது. அரைகுறையாக எழுதி அனுப்பினால் சங்கடமாகிவிடாதா?

2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் நன்றிக் கடிதங்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடிதம் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குப் பெற்றவர்களுக்குச் சங்கடம் இல்லை. மகிழ்ச்சியோ எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சொற்கள் சரியாக வந்தனவா என்பது எழுதியவர்களின் கவலையாக இருந்தது. பெற்றவர்கள் அந்தக் கடிதத்தில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள். அந்த ஆய்வு இறக்கும் நிலையில் இருப்பவர்களைப் பற்றியது இல்லை. ஆனால் எழுத விடாமல் உங்களைத் தடுப்பது அதே தப்புக் கணக்குதான்.

பேனா நகரவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் அந்தச் சம்பவத்தை வாயால் சொல்லி, அதைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு அப்படியே எழுதுங்கள். பேச்சு மொழியும் தானாக வந்துவிடும்.

நேரில் போவதா, கடிதம் எழுதுவதா?

முடிந்தால் இரண்டும். கடிதத்தைக் கையோடு கொண்டுபோய், போனதும் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம். அவர் விழிப்பாக இருந்தால் வாயால் சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தலையணை அருகில் வைத்துவிட்டு வரலாம். அசந்து தூங்கிக்கொண்டிருந்தால், கவனித்துக்கொள்பவரிடம் கொடுத்து, விழிக்கும்போது வாசித்துக் காட்டச் சொல்லலாம். கடிதத்துக்கு இன்னொரு வசதி உண்டு: மீண்டும் மீண்டும் வாசிக்கலாம். நேரில் சொன்னது மருந்து மயக்கத்தில் மறந்துபோகக்கூடும்.

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் 150 முதல் 200 சொற்கள் நல்ல அளவு. அதற்கு மேல் போனால் களைத்த மனிதருக்கு நடுவிலேயே கண் சொருகும். தட்டச்சு செய்வதானால் எழுத்தின் அளவை 18-க்குக் குறையாமல் வையுங்கள்; தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கடிதத்தை அவருக்கு இன்னொருவர் உரக்க வாசிக்கும் வாய்ப்பே அதிகம். மகனோ மருமகளோ வாய்விட்டு வாசிக்க முடியாத எதையும் அதில் எழுதாதீர்கள். இருவருக்கு மட்டுமேயான ரகசியம் இருந்தால் அதை நேரில் சொல்வதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது? எவ்வளவு நேரம் இருக்கலாம்?

கவனித்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "எந்த நேரத்துல கொஞ்சம் தெளிவா இருக்காங்க? வலி மருந்து எப்பக் குடுக்குறீங்க?" உடனே வேலை செய்யும் வகை மார்ஃபினை வாய்வழியாகக் கொடுத்தால் சுமார் அரை மணி நேரத்தில் வலி இறங்கத் தொடங்கும், அதன் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம் இருக்கும். அதனால் அடுத்த வேளை மருந்துக்கு முந்தைய அரை மணி நேரம் மோசமான நேரம். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பலருக்கு இதமாக இருக்கும். சிலருக்கு அப்போதுதான் தூக்கம் அமுக்கும். அவரவர் போக்கு வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பதினைந்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள். சொல்ல வேண்டியதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்பும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடுபவர்களுக்கு நடப்பது இதுதான்: அதற்குள் அவர் தூங்கிவிடுவார், அல்லது இன்னொரு உறவினர் உள்ளே வந்துவிடுவார். பதில்கள் சுருங்குவது, கண் மூடி மூடித் திறப்பது, முகம் சுவர்ப் பக்கம் திரும்புவது எல்லாம் எழுந்துகொள்ளச் சொல்லும் அடையாளங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டே "இரு" என்றால், பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு, அவர் தலையைத் திருப்பாமலே உங்கள் முகம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் அணிபவர் என்றால் அவை போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நோய்ப் படுக்கையில் அவை பெரும்பாலும் மேசை டிராயருக்குள் போய்விடுகின்றன. வாசனைத் திரவியம் பூசாமல் போங்கள், குமட்டும். கையைப் பிடிப்பதானால் உங்கள் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் வையுங்கள். வலித்தாலோ விருப்பமில்லை என்றாலோ அவரால் சுலபமாகக் கையை எடுத்துக்கொள்ள முடியும்.

அறையில் நான்கு பேர் இருந்தால், "பத்து நிமிஷம் நான் மட்டும் பேசிட்டு வரட்டுமா?" என்று கேட்பதில் தவறில்லை. இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவருக்கும் அது ஒரு ஓய்வு.

அவருக்கு நோயின் நிலைமையைச் சொல்லவில்லை. "எதையும் காட்டிக்காதீங்க" என்று வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எப்படிச் சொல்வது?

விடைபெறாமலேயே சொல்லலாம். மேலே உள்ள கடிதத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் நோயும் இல்லை, மரணமும் இல்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் அத்தைக்கும் அதை அனுப்பலாம். "நேத்து ஒரு பையன் வகுப்புல திக்கினான், உங்க ஞாபகம் வந்துச்சு" என்று தொடங்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை. நிலைமையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரும் வீட்டாரும் மருத்துவரும் தீர்க்க வேண்டியது. பார்க்க வந்தவர் அதை உடைக்கக் கூடாது.

சிக்கல் வருவது, அவராகவே உங்களிடம் "நான் பிழைக்க மாட்டேன்ல?" என்று கேட்கும்போது. அப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில் தெரிந்திருக்கும். பேச ஆள்தான் இல்லை. "சே, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றால் கதவு மூடிவிடும். "ஆமாம்" என்பதும் உங்கள் வேலை இல்லை. "ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். பேசி முடித்த பிறகு, "இதை டாக்டர்கிட்டயும் வீட்டுலயும் கேக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும் என்றால், அந்த விருப்பத்தை வீட்டாரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். அது பின்னால் உங்களைத்தான் உறுத்தும்.

பேச ஆரம்பித்தாலே அழுதுவிடுவேன். அவருக்குக் கஷ்டமாகிவிடாதா?

கண்ணீர் வந்தால் வரட்டும். அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை மட்டும் வரக் கூடாது. குரல் உடைந்தால் நிறுத்துங்கள், மூச்சை மெல்ல வெளியே விடுங்கள், "அழுகை வருது, ஆனா சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். அடக்க முடியாமல் போனால் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். தாளைப் பார்த்து வாசிக்கும்போது குரல் ஓரளவு நிலைப்படும். முந்தைய நாள் வீட்டில் இரண்டு மூன்று முறை உரக்க வாசித்துப் பார்த்தால், எந்த வரியில் உடைகிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்த வரியை முதலிலேயே வைத்துவிடுவது ஒரு நல்ல உபாயம்.

சொல்ல ஆரம்பித்ததும் "அதெல்லாம் இப்ப எதுக்கு, விடு" என்கிறார்.

முழுமையாக விட்டுவிடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். "சரி, ஒரே ஒரு வரி மட்டும் சொல்லிக்கிறேன்" என்று மூன்றாவது துண்டை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். பாராட்டைக் கேட்டால் நெளியும் மனிதர்களுக்குச் சம்பவத்தைக் கேள்வியாகக் கொடுப்பது நன்றாக வேலை செய்யும்: "எனக்குத் திக்கும்போது நீங்க பேசாம காத்துட்டு இருப்பீங்களே, அது யாராவது சொல்லிக்கொடுத்ததா, நீங்களாவே செஞ்சதா?" அவர் கதை சொல்லத் தொடங்குவார். கதையின் முடிவில் "நானும் இப்ப அதைத்தான் செய்றேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எங்களுக்குள் நல்ல உறவு இல்லை. பல வருடப் பேச்சுவார்த்தை இல்லாதவரிடம் என்ன சொல்வது?

உண்மையாக இருக்கும் சிறிய விஷயத்தைச் சொல்லுங்கள். முப்பது வருடக் கசப்பைத் தாண்டிப் பெரிய அன்பை நடிக்க வேண்டியதில்லை. நடித்தால் அவருக்கே தெரிந்துவிடும். "நமக்குள்ள நிறைய நடந்துடுச்சு. ஆனா எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது நீங்கதான், அது மறக்கல" என்பது முழுமையான செய்திதான்.

உங்கள் பக்கம் தவறு இருந்தால் எந்தத் தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்: "அண்ணன் கல்யாணத்துக்கு நான் வேணும்னே வரல, அது தப்பு." அதோடு நிறுத்திவிடுங்கள். "மன்னிச்சேன்னு சொல்லுங்க" என்று பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடலில் தெம்பே இல்லாதவரிடம் அது வேலை வாங்குவது. "நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்ற பொத்தாம்பொது வாக்கியமும் வேண்டாம். எதையும் ஒப்புக்கொள்ளாத மன்னிப்பு அது. அவர் செய்த தவறுக்குக் கணக்குக் கேட்க இது நேரமில்லை. அதையும் ஒரு கடிதமாக எழுதலாம், அனுப்ப வேண்டாம்.

நேரில் போகும் முன், உங்களைப் பார்க்க விருப்பமா என்று இன்னொருவர் மூலம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கடிதம் அனுப்பலாம். அதைத் திறப்பதும் திறக்காததும் அவர் கையில் இருக்கும்.

நான் போவதற்குள் நினைவு தப்பிவிட்டது. இனிச் சொல்லிப் பயன் உண்டா?

சொல்லுங்கள். கனடாவின் வான்கூவர் நகரில், மரணத் தறுவாயில் எந்த அசைவும் காட்டாமல் கிடந்த நோயாளிகளின் மூளை மின் அலைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒலியில் ஏற்படும் மாற்றங்களுக்கு அவர்களில் சிலருடைய மூளை, ஆரோக்கியமான இளைஞர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. இது 2020-இல் வெளியானது. ஒலி மூளையை எட்டலாம் என்பதைத்தான் இது காட்டுகிறது; பேச்சின் பொருள் புரிகிறதா, யார் குரல் என்று தெரிகிறதா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. கேட்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுவதே சரி.

முதலில் உங்கள் பெயரையும் உறவையும் சொல்லுங்கள். காதருகே குனிந்து, கத்தாமல், சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். கேள்வி கேட்காதீர்கள், "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்கவே வேண்டாம். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி வருவதும், கைகால் சில்லிடுவதும் கடைசி நாட்களில் வழக்கமானவை. நீங்கள் பேசியதால் வந்தவை இல்லை. அவருக்குக் கேட்கும் தூரத்தில் அடுத்து ஆக வேண்டிய காரியங்களைப் பற்றிப் பேச்சு நடந்தால், அதை வெளியே போய்ப் பேசச் சொல்லுங்கள்.

தூரத்தில் இருப்பவர்கள் போனை அவர் காதருகே வைக்கச் சொல்லிப் பேசலாம். இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்புவது இன்னும் நல்லது. தொடர்பு அறுந்துபோகும் பயமில்லை, வீட்டார் தங்களுக்குத் தோதான நேரத்தில் போட்டுக் காட்டலாம்.

கடிதம் அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை.

கடைசி வாரங்களில் நாளின் பெரும்பகுதி தூக்கத்திலேயே போகும். பேனா பிடிக்கும் தெம்பு இருக்காது. போனைத் தூக்குவதே வேலை. மௌனத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். "கடிதம் கிடைச்சுதா, படிச்சாங்களா?" என்று கவனித்துக்கொள்பவரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள். படித்தாயிற்று என்றால் போதும்; என்ன சொன்னார் என்று துருவ வேண்டாம். இன்னும் பிரிக்கவில்லை என்றால், இன்றே வாசித்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அவர் காலமான பிறகுதான் கடிதம் போய்ச் சேர்ந்தது என்றால், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். அவர் பிள்ளைகளோ துணையோ வாசிக்கட்டும். சாக்பீஸைக் கீழே வைத்த அந்தச் செய்தி அவர்களுக்கும் தெரியாதது.